நிறமாற்றத்தை எழுதுதல்

நுழையும்முன்

ஆய்வகத்தில் தோன்றி மறையும் நிறத்தை நிழற்படம் பிடித்து வைக்கிறது. அந்தப் படம் அழிந்துபோனால் எஞ்சி நிற்பது குறிப்பேட்டில் எழுதிய சொல் மட்டுமே. ஒரு சொல் ஒரு நிறத்தை எந்த அளவுக்குக் காக்கும்? அதற்கு எவற்றின் துணை வேண்டும்? கிணற்று நீரின் கடினத்தன்மையை அளக்கும் ஓர் ஆய்வின்வழி இக்கட்டுரை அதனை விளக்குகிறது. இதில் வரும் மாணவியரும் அளவீடுகளும் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. ஆய்வு முறையும் வேதிவினைகளும் ஆய்வகங்களில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

இரு குறிப்பேடுகள்

இராசபாளையத்திற்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் தேவதானம். அவ்வூரைச் சேர்ந்த மேல்நிலை இரண்டாமாண்டு மாணவியர் இருவர், தங்கள் தெருவின் பொதுக்கிணற்று நீரை ஆராய எண்ணினர் எனக் கொள்வோம். கோடையின் இறுதியில் கிணறு வற்றி அடிமட்டத்தில் நீர் நின்றபோது அதனை ஒரு புட்டியில் சேகரித்தனர். பள்ளி ஆய்வகத்தில் ஒரே நீரை இருவரும் தனித்தனியே தரம்பார்த்தனர். முடிவுநிலையில் இரு குடுவைகளையும் அருகருகே வைத்துக் கைப்பேசியில் ஒரு நிழற்படமும் எடுத்துக்கொண்டனர்.

சில மாதங்கள் கழிந்தன. அறிக்கை எழுத அமர்ந்தபோது அந்தப் படம் கைப்பேசியில் இல்லை. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் நினைவகம் முழுவதும் துடைக்கப்பட்டிருந்தது. புட்டியில் இருந்த நீரும் தீர்ந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் கிணற்றில் புதுநீர் ஏறியிருந்தது. எனவே கோடைக்காலத்து நீரை மீண்டும் அளக்க வழியில்லை. இரண்டு குறிப்பேடுகளே எஞ்சின.

முதல் மாணவியின் குறிப்பேட்டில் இவ்வாறு இருந்தது: “நீர் முதலில் சிவப்பாக இருந்தது. ஈடிடிஏ கரைசலைச் சேர்த்தபோது ஊதாவாக மாறியது. பியூரெட் அளவீடு 9.9 மி.லி. மறுமுறையும் 9.9 மி.லி.”

இரண்டாம் மாணவி பெற்ற அளவீடு 10.1 மி.லி. அவளும் இருமுறை செய்து இருமுறையும் அதே அளவைப் பெற்றிருந்தாள்.

வேறுபாடு 0.2 மி.லி. மட்டுமே. ஒரு துளி ஏறத்தாழ 0.05 மி.லி. ஆதலால் இது நான்கு துளிகளின் அளவாகும். ஆயினும் இந்நான்கு துளிகளை எளிதில் ஒதுக்கிவிட இயலவில்லை. இவ்வாய்வில் எடுத்துக்கொண்ட நீர் 50 மி.லி.; ஈடிடிஏ கரைசலின் செறிவு 0.01 மோலார். இச்செறிவில் ஒரு மி.லி. ஈடிடிஏ, ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான கடினத்தன்மையைக் குறிக்கும். அவ்வாறாயின் 9.9 மி.லி. என்பது 50 மி.லி. நீரில் 9.9 மி.கி.; ஒரு லிட்டருக்கு 198 மி.கி. என ஆகிறது. 10.1 மி.லி. என்பது லிட்டருக்கு 202 மி.கி. என ஆகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500, 2012) மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க வரம்பாக லிட்டருக்கு 200 மி.கி. என்பதை வகுத்துள்ளது. வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மி.கி. வரை அது இசைவளிக்கிறது. ஆகவே 202 மி.கி. கொண்ட நீர் நஞ்சாகிவிடாது. ஆனால், “கோடையில் இக்கிணற்று நீர் ஏற்கத்தக்க வரம்பிற்குள் இருந்ததா?” என்னும் வினாவிற்கு ஒரு குறிப்பேடு “ஆம்” என்கிறது, மற்றொன்று “இல்லை” என்கிறது. எந்தக் குறிப்பை நம்புவது?

குடுவைக்குள் நிகழ்வது

விடை காண்பதற்கு முன், நிறம் ஏன் மாறுகிறது என்பதை அறிதல் வேண்டும். நீரின் கடினத்தன்மைக்குக் காரணம் அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள். 50 மி.லி. நீரைப் பிப்பெட்டால் அளந்து கூம்புக் குடுவையில் இடுவர். அம்மோனியா, அம்மோனியம் குளோரைடு கலந்த தாங்கல் கரைசலைச் சிறிதளவு சேர்த்து அதன் பிஎச் மதிப்பை 10 அளவில் நிறுத்துவர். பின்னர் எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டியைச் சிறிதளவு இடுவர்.

இந்த நிறங்காட்டிக்கு அந்நிலையில் இயல்பான நிறம் நீலம். ஆனால், நீரிலுள்ள மக்னீசியத்தோடு அது இணைந்தவுடன் ஒயின் சிவப்பாகிறது. எனவே ஆய்வு சிவப்பிலிருந்து தொடங்குகிறது. பியூரெட்டிலிருந்து இறங்கும் ஈடிடிஏ முதலில் நீரில் கட்டின்றித் திரியும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொள்கிறது. இக்கட்டத்தில் நிறம் மாறுவதில்லை. பற்றுவதற்கு வேறெதுவும் எஞ்சாத நிலையில்தான், நிறங்காட்டியோடு இணைந்திருந்த மக்னீசியத்தையும் ஈடிடிஏ பறித்துக்கொள்கிறது. விடுபட்ட நிறங்காட்டி தன் இயல்பான நீலத்தைக் காட்டுகிறது.

இங்கே நுட்பமான செய்தி ஒன்று உள்ளது. சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே தோன்றும் செந்நீலம் ஒரு தனிநிலை அன்று. விடுபட்ட நிறங்காட்டியும் விடுபடாத நிறங்காட்டியும் ஒரே குடுவையில் கலந்து நிற்பதால் கண்ணுக்குத் தோன்றும் கலவை நிறமே அது. சிறிதளவு சிவப்பு எஞ்சியிருந்தாலும் வினை முற்றுப்பெறவில்லை என்பது பொருள். ஆதலின் இவ்வாய்வின் முடிவுநிலை நீலம் தோன்றத் தொடங்கும் கணம் அன்று. சிவப்பின் கடைசிச் சாயல் மறையும் கணமே ஆகும்.

இதை அறிந்தபின் முதல் மாணவியின் குறிப்பைப் படித்தால் ஐயம் கூர்மை பெறுகிறது. அவள் எழுதிய “ஊதா” எந்த நிறம்?

ஊதா என்னும் சொல்

நாள்தோறும் பேசும் தமிழில் ஊதா என்னும் சொல் இருபொருள்பட வழங்குகிறது. சிலர் கத்தரிப்பூவின் நிறத்தை ஊதா என்பர். சிலர் வானத்தின் நிறத்தையே ஊதா என்பர். ஒரே வீட்டில் தாய் ஊதாப் புடவை என்று சுட்டுவதை மகள் நீலப் புடவை என்பதுண்டு. நீலம் என்னும் சொல்லும் முற்றும் தெளிவானதன்று. வெள்ளைத் துணிகளுக்கு இடும் சொட்டு நீலம் பெயரளவில் நீலம். புட்டிக்குள் இருப்பதோ செந்நீலம். அன்றாட வாழ்வில் இதனால் தீங்கில்லை. பொருள் கண்முன் இருப்பதால் சொல்லின் குறையைக் கண் நிறைவு செய்துவிடுகிறது. பொருள் கண்முன் இல்லாதபோதுதான் சொல்லே முழுப்பொறுப்பையும் சுமக்கிறது.

“ஊதாவாக மாறியது” என்று எழுதியபோது அம்மாணவி தூய நீலத்தைக் கண்டிருந்தால் 9.9 மி.லி. சரியான முடிவுநிலை. கத்தரிப்பூ நிறத்தைக் கண்டிருந்தால் அவள் முன்னதாகவே நிறுத்திவிட்டாள். படம் இருந்தவரை இவ்வையம் எழவில்லை. படம் மறைந்தபின் சொல் மட்டும் நின்று, எது எனச் சொல்லாமல் நழுவுகிறது.

இருமுறையும் 9.9 மி.லி. கிடைத்தது என்பதும் அவளுக்குத் துணை நிற்கவில்லை. ஒத்த அளவீடு கிடைப்பது, ஒரே இடத்தில் இருமுறை நிறுத்தியதை மட்டுமே உறுதி செய்யும். அவ்விடம் சரியான இடம் என்பதை அது உறுதி செய்யாது. ஒவ்வொரு முறையும் செந்நீலத்தில் நிறுத்துபவருக்கும் அளவீடுகள் ஒத்தே வரும். அவை ஒன்றுபோலவே குறைந்தும் வரும்.

அளவோடு சேர்ந்த நிறம்

இனி இரண்டாம் மாணவியின் குறிப்பைக் காணலாம்.

“0.0 மி.லி.: ஒயின் சிவப்பு. 9.5 மி.லி. வரை கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை. அதன்பின் துளித்துளியாகச் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு துளிக்கும் பின் ஐந்து நொடி குலுக்கப்பட்டது. 9.8 மி.லி.: சிவப்பு மங்கி நாவற்பழச் சாற்றின் நிறம். 9.9 மி.லி.: கத்தரிப்பூ நிறம், நீலமும் சிவப்பும் சமமாகத் தோன்றின. 10.0 மி.லி.: நீலம் மிகுதி, வெள்ளைத்தாள் மேல் வைத்து நோக்கினால் இலேசான சிவப்புச் சாயல் உள்ளது. 10.1 மி.லி.: சங்குப்பூ நீலம், சிவப்புச் சாயல் இல்லை. மேலும் ஒரு துளி சேர்த்தும் நிறம் மாறவில்லை. ஒரு நிமிடம் கழித்தும் சிவப்பு திரும்பவில்லை. சன்னலோரப் பகல் வெளிச்சம், காலை 11 மணி.”

இக்குறிப்பில் அணியோ அலங்காரமோ இல்லை. ஆனால், ஒவ்வொரு நிறமும் ஓர் அளவோடு பிணைக்கப்பட்டுள்ளது. “கத்தரிப்பூ நிறம்” என்னும் சொல்லில் ஐயம் தோன்றினாலும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள நிறங்கள் அச்சொல்லின் எல்லையை வரையறுத்துவிடுகின்றன. 9.8 மி.லி.யில் அதைவிடச் சிவப்பு; 10.0 மி.லி.யில் அதைவிட நீலம். நிறச்சொல் தனித்து நிற்கும்போது நழுவுகிறது. வரிசையில் நிற்கும்போது பொருள் உறுதிப்படுகிறது.

முடிவுநிலையை நிறத்தின் பெயரால் மட்டும் அவள் நிறுவவில்லை என்பதும் நோக்கத்தக்கது. “மேலும் ஒரு துளி சேர்த்தும் நிறம் மாறவில்லை” என்னும் தொடரே அக்குறிப்பின் உயிர்நாடி. 9.9 மி.லி.க்குப் பின் இட்ட துளி நிறத்தை மாற்றியது. எனவே அது முடிவு அன்று. 10.1 மி.லி.க்குப் பின் இட்ட துளி எதையும் மாற்றவில்லை. விடுபட வேண்டிய நிறங்காட்டி எதுவும் எஞ்சவில்லை என்பதற்கு அதுவே சான்று. நீலம் என்பதற்கு அவள் என்ன பொருள் கொண்டிருந்தாலும் இச்சான்று மாறாது. நிறத்தைப் படிப்பவர் காணாவிட்டாலும், மாற்றம் நின்றுபோனதை அவர் அறிந்துகொள்கிறார்.

ஒரு நிமிடம் காத்திருந்ததற்கும் காரணம் உண்டு. பிஎச் மதிப்பு உயர்ந்த நிலையில் கால்சியம் கார்பனேட் நுண்துகள்களாக வீழ்படிவதுண்டு. அது மெல்லக் கரைந்து மீண்டும் கால்சியத்தை வெளிவிடும்போது, நீலமான குடுவை மறுபடி செந்நீலமாகத் திரும்பும். இதனைத் தவிர்க்கவே தாங்கல் கரைசல் சேர்த்த ஐந்து நிமிடத்திற்குள் தரம்பார்த்தலை முடிக்க வேண்டும் என்பர். சிவப்பு திரும்பவில்லை என எழுதியதன் மூலம் அக்குறை நேரவில்லை என்பதை அவள் பதிவு செய்துள்ளாள்.

இப்போது முதல் வினாவிற்கும் விடை கிடைக்கிறது. ஒரே நீர், ஒரே கரைசல், ஒரே அளவு. 9.9 மி.லி.யில் அந்நீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது என இரண்டாம் குறிப்பேடு கூறுகிறது. ஆகவே முதல் மாணவி “ஊதா” என்று எழுதியது தூய நீலத்தை அன்று. செந்நீலத்தையே ஆகும் எனக் கொள்வதே பொருத்தம். அவள் நான்கு துளிகள் முன்னதாக நிறுத்திவிட்டாள். அளவோடு எழுதிய ஒரு குறிப்பு, தன்னைக் காத்துக்கொண்டதோடு அளவில்லாத மற்றொரு குறிப்பின் பொருளையும் மீட்டுத் தந்தது.

தெரிந்து தெளிவோம்

நிழற்படக்கலை தோன்றுவதற்கு முன்னரே நிறங்களைச் சொல்லால் நிலைநிறுத்தும் முயற்சிகள் நடைபெற்றன. செருமானியக் கனிமவியலர் ஆபிரகாம் வெர்னர் கனிமங்களை அடையாளம் காண நிறப்பெயர்களை ஒழுங்குபடுத்தினார். அதனை விரிவாக்கி, ஸ்காட்லாந்து ஓவியர் பேட்ரிக் சைம் 1814இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒவ்வொரு நிறத்திற்கும் வண்ணமாதிரியோடு, அந்நிறம் காணப்படும் விலங்கு, தாவரம், கனிமம் ஆகியனவும் சுட்டப்பட்டன. சார்லசு டார்வின் பீகிள் கப்பற்பயணத்தில் இந்நூலை உடன்கொண்டு சென்று, தாம் கண்ட உயிர்களின் நிறங்களைக் குறிக்கப் பயன்படுத்தினார்.

ஒப்பும் ஒளியும்

நாவற்பழம், கத்தரிப்பூ, சங்குப்பூ என அம்மாணவி எடுத்துக்கொண்ட ஒப்புகள், படிப்பவர் எளிதில் காணக்கூடியவை. “அழகிய நீலம்”, “நல்ல சிவப்பு” என்னும் அடைமொழிகள் எழுதியவரின் மனநிலையைக் காட்டுமேயன்றி நிறத்தைக் காட்டா. ஒப்பு என்பது படிப்பவரை ஒரு பொருளிடம் அழைத்துச் செல்கிறது. ஆயினும் எல்லாச் சங்குப்பூவும் ஒரே நீலம் அன்று. வாடிய பூவின் நிறம் வேறு. எனவே ஆய்வகத்தில் இதனினும் உறுதியான ஓர் ஒப்பினைக் கையாள்வர்.

காய்ச்சி வடித்த நீர் 50 மி.லி. எடுத்து, அதே அளவு தாங்கல் கரைசலும் அதே அளவு நிறங்காட்டியும் ஒரு துளி ஈடிடிஏ கரைசலும் சேர்த்தால், கடினத்தன்மை சிறிதும் இல்லாத நீரின் தூய நீலம் கிடைக்கும். இதனை ஒப்பீட்டுக் குடுவையாக அருகில் வைத்து, ஆய்வுக் குடுவை அதன் நிறத்தை அடையும்வரை தரம்பார்க்கலாம். “முடிவுநிலை நிறம் ஒப்பீட்டுக் குடுவையின் நிறத்தோடு ஒத்தது” என ஒரு தொடர் எழுதினால் போதும். நிழற்படம் அழிந்தாலும், கிணற்றில் புதுநீர் ஏறினாலும், எந்நாளிலும் எந்த ஆய்வகத்திலும் அந்நீலத்தை மீண்டும் உருவாக்கிக் கண்ணால் காணலாம். மறைந்த படத்தை மீட்க இயலாது. செய்முறையால் சுட்டப்பட்ட நிறத்தை மீட்க இயலும்.

ஒளியைக் குறித்ததும் தேவையற்ற செய்தியன்று. மஞ்சள் ஒளி வீசும் பழைய இழைவிளக்கின் கீழ், இவ்வாய்வின் நீலம் சிவப்புச் சாயலோடு தோன்றும். அதனால் முடிவுநிலையை அடைந்த பின்னும் சிவப்பு எஞ்சியிருப்பதாக எண்ணி மேலும் சில துளிகளைச் சேர்த்துவிட நேரும். பகல் வெளிச்சத்தில் நோக்குவதே முறை. எந்த ஒளியில் கண்டது என எழுதப்படாத நிறம், எந்த அளவுகோலால் அளந்தது எனச் சொல்லப்படாத நீளத்தைப் போன்றது.

நிறமாற்றமே தெளிவற்றுப்போவதும் உண்டு. நீரில் இரும்பு, செம்பு போன்ற உலோக அயனிகள் கலந்திருந்தால் அவை நிறங்காட்டியை இறுகப் பற்றிக்கொள்ளும். தூய நீலம் தோன்றாமல் மங்கிய நிறமே நீடிக்கும். மக்னீசியம் மிகக் குறைவான நீரிலும் மாற்றம் கூர்மையாக இராது. அத்தகைய நேரத்தில் “நீலமாக மாறியது” எனப் பாடநூல் வழக்கை எழுதிவிடுவது பிழை. “11 மி.லி. சேர்த்த பின்னும் மங்கிய செந்நீலமே நின்றது, தெளிவான முடிவுநிலை தோன்றவில்லை” என எழுதுவதே சரியான பதிவு. அப்பதிவே நீரில் வேறொரு பொருள் இருக்கலாம் என்பதைப் படிப்பவர்க்கு உணர்த்தும்.

படம் இருந்திருந்தால்

அழிந்த நிழற்படம் கிடைத்திருந்தால் சிக்கல் முழுவதும் தீர்ந்திருக்குமா? ஓரளவே தீர்ந்திருக்கும். கைப்பேசி நிழற்படக் கருவி, தான் காணும் ஒளிக்கேற்ப வெண்மையைத் தானே சரிசெய்துகொள்கிறது. அவ்வாறு செய்கையில் செந்நீலம் நீலமாகவும் நீலம் செந்நீலமாகவும் சற்றே இடம்பெயர்வதுண்டு. ஆய்வின் முடிவோ அந்தச் சிறு இடைவெளியில்தான் உள்ளது. இரு குடுவைகளும் ஒரே படத்தில் இருந்தமையால், ஒன்று மற்றதைவிடச் சிவந்து இருந்ததை அப்படம் காட்டியிருக்கும். ஆனால், எந்த அளவில் நிறம் மாறத் தொடங்கியது, எத்தனை துளிகளில் முடிந்தது, அடுத்த துளி என்ன செய்தது என்பவற்றை அது காட்டியிராது. படம் ஒரு கணத்தைக் காக்கிறது. தரம்பார்த்தலோ ஒரு போக்கு.

படமற்ற அறிக்கை

இனி அறிக்கையை எவ்வாறு எழுதுவது? முதல் மாணவி தன் பழைய குறிப்பிலுள்ள “ஊதா” என்பதை அடித்து “நீலம்” எனத் திருத்திவிடலாம்; எவரும் அறியப்போவதில்லை. ஆனால், பல மாதங்களுக்குப் பின் நினைவிலிருந்து எழுதும் நிறம், கண் கண்ட நிறமாக இருப்பதைவிடப் பாடநூலில் படித்த நிறமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. குறிப்பேட்டின் சொல்லை மாற்றாமல் அதன் நிலையை விளக்குவதே நேர்மை. அறிக்கை இவ்வாறு அமையலாம்:

“கோடையின் இறுதியில் எடுத்த நீர், 0.01 மோலார் ஈடிடிஏ கரைசலால் இருவரால் தரம்பார்க்கப்பட்டது. முடிவுநிலையின் நிழற்படம் கிடைக்கவில்லை. கீழ்வரும் நிறங்கள் ஆய்வின்போதே எழுதப்பட்ட குறிப்புகளிலிருந்து தரப்படுகின்றன. ஒருவர் 9.9 மி.லி.யில் ‘ஊதா’ எனக் குறித்து நிறுத்தினார். மற்றவரின் குறிப்பில் அதே அளவில் கத்தரிப்பூ நிறமும், 10.1 மி.லி.யில் சிவப்புச் சாயலற்ற நீலமும் பதிவாகியுள்ளன. அதன்பின் சேர்த்த துளி நிறத்தை மாற்றவில்லை. ஆகவே 10.1 மி.லி. முடிவுநிலையாகக் கொள்ளப்படுகிறது. கடினத்தன்மை லிட்டருக்கு 202 மி.கி. ஒரு துளி பிழை ஒரு மி.கி. வேறுபாட்டைத் தரும்.”

இவ்வறிக்கையின் கடைசித் தொடர் முடிவின் எல்லையைக் காட்டுகிறது. ஒரு துளி முன்பின் ஆனால் 201 முதல் 203 வரை மாறலாம். இரு துளிகள் குறைந்தால் வரம்பைத் தொட்டுவிடும். ஆகவே அந்நீர் ஏற்கத்தக்க வரம்பை ஒட்டி, அதைச் சற்றே கடந்து நின்றது என்பதே இக்குறிப்புகள் தாங்கக்கூடிய முடிவு. அடுத்த கோடையில் கிணறு வற்றும்போது மீண்டும் நீர் எடுத்து அளந்தால் அதனைச் சரிபார்க்கலாம். அன்று ஒப்பீட்டுக் குடுவை ஒன்று மேசைமேல் இருத்தல் வேண்டும், 9.5 மி.லி. முதல் ஒவ்வொரு துளிக்கும் ஒரு வரி குறிப்பேட்டில் ஏறுதல் வேண்டும்.